சிங்க் அடைப்பு: முதலில் வாளி, அப்புறம் சுடுதண்ணீர்

"அண்ணே, எங்க வீடு திருவட்டார் பக்கம். கிச்சன் சிங்க்ல தண்ணி இறங்க அரை மணி நேரம் ஆகுது. சுடுதண்ணி, சோடா உப்பு, வினிகர் எல்லாம் ஊத்தியாச்சு, ரெண்டு நாள்ல பழையபடி அடைக்குது. கிணறு பக்கத்துலயே இருக்கு, ஆசிட் ஊத்த பயமா இருக்கு. என்ன செய்ய?"

ஆசிட் வேண்டவே வேண்டாம். மழை நாள் காலையில் உங்கள் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள், உறைந்து கிடக்கும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டியாகிவிடும். மீன்கறிச் சட்டியைக் கழுவும்போது போகிற எண்ணெயும் குழாய்க்குள் அப்படித்தான் உறைகிறது, அதன்மேல் அரைத்த தேங்காயும் வடித்த கஞ்சியும் படிந்து ஒட்டிக்கொள்ளும். சுடுதண்ணீர் ஊற்றினால் உருகும், ஆனால் நாலடி தள்ளிப்போய் ஆறியதும் அங்கே மறுபடி பிடித்துக்கொள்ளும். சோடா உப்பும் வினிகரும் ஒன்றையொன்று முறித்துவிடும், நுரை வருமே தவிர கொழுப்பு கரையாது.

அதனால் முதலில் கையால் எடுக்க வேண்டும். சிங்கின் அடியில் வாளியை வைத்துவிட்டு, வளைந்த குழாயின் (கிண்ணம்போல இருந்தாலும் சரி) மரையைக் கையால் திருகிக் கழற்றுங்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். ஏற்கெனவே அடைப்பு நீக்கும் பவுடர் எதுவும் போட்டிருந்தால் மட்டும் இதில் கை வைக்காதீர்கள், அந்தத் தண்ணீர் தோலைப் பொசுக்கிவிடும், பிளம்பரிடம் சொல்லிவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள்.

கழற்றியதில் வெள்ளையாக, மெழுகுபோலப் படிந்திருப்பதைக் குச்சியால் சுரண்டி வாழைமூட்டில் புதைத்துவிட்டு, தேங்காய்த் தும்பும் சோப்பும் போட்டுத் தேய்க்கலாம். பிறகு சுவருக்குள் போகிற குழாயில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தடையில்லாமல் போனால் அடைப்பு வளைவில்தான் இருந்தது. எதிர்த்து வந்தால் அது உள்ளே இருக்கிறது, வெளியே குழாய் முடிகிற இடத்திலிருந்து தோட்டத்து ஹோஸைச் செருகித் தண்ணீரைத் திறந்து, முன்னும் பின்னும் அசைத்து உள்ளே தள்ளுங்கள். கட்டி கட்டியாக வரும். அதற்கும் அசையாவிட்டால் பிளம்பரின் ஸ்பிரிங் கம்பிதான் வழி.

எல்லாவற்றையும் மாட்டியபிறகு ஒரு வாளி சூடான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பி.வி.சி. குழாய் இளகி இணைப்பு கசியும்.

சுருக்கம் சுருக்கமாக மடியும் பிளாஸ்டிக் குழாய் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள், ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தங்கும். போன மாதம் தக்கலையில் ஒரு வீட்டில் மூன்று தடவை சுத்தம் செய்தும் அடைத்தது, வழவழப்பான குழாய் போட்டதும் நின்றது.

இனி மீன்கறிச் சட்டியைக் கழுவும் முன் பழைய பேப்பரால் வழித்து எடுங்கள், பொரித்த எண்ணெயைப் பாட்டிலில் சேர்த்து வையுங்கள், கஞ்சியை மாட்டுக்கோ தென்னைக்கோ கொடுத்துவிடுங்கள். சிங்க் வாயில் கண் சிறிய சல்லடை ஒன்று போடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அந்த சோப்புத் தண்ணீரை ஊற்றினால் போதும்.