ஃபேஸ்புக் பதிவுக்காக சைபர் கிரைம் நோட்டீஸ் வந்தால்

கேள்வி: எங்கள் பேரூராட்சித் தலைவர் தார்ச்சாலைப் பணத்தைச் சாப்பிட்டுவிட்டார் என்று ஃபேஸ்புக்கில் எழுதினேன். அதே வாரம், பக்கத்து ஊர்த் திருவிழாத் தகராறு என்று வந்த ஒரு வீடியோவை, ஒரு சாதியின் பெயரைச் சொல்லி ‘இவங்களுக்கு இதே வேலை, இனி சும்மா விடக் கூடாது’ என்று எழுதி ஷேர் செய்தேன். அது வேறு மாநிலத்தில் எடுத்த பழைய வீடியோ என்று மறுநாள் தெரிந்ததும் நீக்கிவிட்டேன். இப்போது தலைவர் தரப்பில் புகார் கொடுத்திருக்கிறார்கள். சைபர் கிரைம் ஸ்டேஷனில் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொல்கிறார்கள். போனால் கைது செய்துவிடுவார்களா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தலைவரைப் பற்றி எழுதியதை நினைத்துத்தான் நீங்கள் அதிகம் பயப்படுவீர்கள். உண்மையில் உங்களைச் சிக்கவைக்கக்கூடியது அந்த வீடியோ. நீக்கிவிட்டோமே, அது முடிந்த கதை என்று எண்ண வேண்டாம்.

முதல் பதிவு அதிகபட்சம் அவதூறு. பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. இதில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, கைது செய்யவும் முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனிப் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அந்தப் புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிர்த்தரப்பின் விளக்கத்தைக் கேட்க வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 223-வது பிரிவு சொல்கிறது. பொதுப் பணத்தைப் பற்றிய விஷயம் என்பதால், உண்மையைப் பொது நன்மைக்காகச் சொன்னேன் என்ற விதிவிலக்கும் உங்களுக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. எனவே சாலைப் பணியின் மதிப்பீடு, ஒப்பந்த விவரம், பில் தொகை ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் இப்போதே கேட்டுவையுங்கள். பணத்தைச் சாப்பிட்டார் என்று நேரடியாகச் சொன்னதற்குக் காகிதம் கையில் இல்லையென்றால் அவதூறு வழக்கில் திணறுவீர்கள். இருந்தாலும் அது சிறைக்கு இழுத்துப்போகும் அவசர வழக்கு அல்ல.

வீடியோவின் கதை வேறு. நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு (பழைய 153ஏ) சாதி, மதம், மொழி போன்றவற்றின் பெயரால் பிரிவினருக்கிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கிறது. 353(2) (பழைய 505(2)) அதே நோக்கில் பொய்ச் செய்தியையோ வதந்தியையோ பரப்புவதைத் தண்டிக்கிறது. மின்னணு வழியாகப் பரப்புவதும் அதில் அடக்கம் என்று புதுச் சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறை. இரண்டிலும் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஸ்டேஷனிலேயே உரிமையாக ஜாமீன் கேட்கவும் முடியாது. நீங்கள் பெயர் சொன்னது பட்டியல் சாதி அல்லது பழங்குடிச் சமூகமாக இருந்து, நீங்கள் அந்தப் பிரிவைச் சேராதவராகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(u) சேரும். அங்கே தண்டனை ஐந்து ஆண்டு வரை போகும். முன்ஜாமீனுக்கும் அந்தச் சட்டத்தின் 18-வது பிரிவு தடை போடுகிறது. மேலோட்டமாகப் பார்த்தாலே குற்றம் ஆகவில்லை என்று காட்ட முடிந்தால்தான் அந்தத் தடை விலகும்.

உங்கள் பதிவின் எந்த வார்த்தை குற்றமாகிறது என்று பார்ப்போம். ஒரு சாதியைத் திட்டினாலே 196 வந்துவிடாது. பகை மூட்டும் உள்நோக்கம் இருக்க வேண்டும், ஒரு பிரிவை இன்னொரு பிரிவுக்கு எதிராகத் தூண்டியிருக்க வேண்டும் என்று பிலால் அகமது கலூ வழக்கில் 1997-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் வந்த இம்ரான் பிரதாப்கடி தீர்ப்பு இன்னும் தெளிவாக ஓர் அளவுகோல் தருகிறது: எழுத்தின் விளைவை மன உறுதியுள்ள சாதாரண மனிதனின் கண்ணால் பார்க்க வேண்டும், எந்த விமர்சனத்திலும் ஆபத்தைக் காண்பவரின் கண்ணால் பார்க்கக் கூடாது. இந்த அளவுகோலில் ‘இவங்களுக்கு இதே வேலை’ என்பது மோசமான பேச்சு, அதைத் தாண்டி வாதாட இடமிருக்கிறது. ‘இனி சும்மா விடக் கூடாது’ என்பதற்கு அந்த இடம் குறைவு. திருவிழாச் சூட்டில் இருக்கும் ஊரில், பொய்யான வீடியோவுக்குக் கீழே அந்த நாலு சொல்லும் ஓர் அழைப்பாகவே படிக்கப்படும். அரசுத் தரப்பு வழக்கறிஞர் வேறு எதையும் பேச மாட்டார், அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார்.

நான் எடுத்த வீடியோ இல்லையே, ஷேர்தானே செய்தேன் என்ற வாதத்தை நம்பி இருக்காதீர்கள். நடிகர் எஸ்.வி. சேகர் 2018-ல் பகிர்ந்ததும் வேறொருவர் எழுதிய பதிவுதான். நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்ய மறுத்தன. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. நீக்கியது உங்களுக்கு உதவும் இடம் வேறு. 353-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: உண்மை என்று நம்ப நியாயமான காரணத்தோடு, நல்லெண்ணத்தில், பகை மூட்டும் நோக்கமின்றிப் பகிர்ந்தால் குற்றமில்லை. பொய் என்று தெரிந்த மறுநாளே, புகார் வருவதற்கு முன்பே நீக்கினீர்கள் என்பது அந்த நல்லெண்ணத்துக்கு ஆதாரம். ஆகவே வீடியோ யாரிடமிருந்து, எந்தக் குழுவில், எத்தனை மணிக்கு வந்தது, எப்போது நீக்கினீர்கள், அது பொய் என்று எப்படித் தெரிந்தது என்பதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டோடு பத்திரப்படுத்துங்கள். இனிமேல் எதையும் அழிக்காதீர்கள். போனை ரீசெட் செய்வது, சிம்மை மாற்றுவது, நண்பர்களிடம் பதிவை அழிக்கச் சொல்வது எல்லாம் சாட்சியத்தை மறைத்ததாக 238-வது பிரிவில் தனிக் குற்றமாகத் திரும்பும்.

இப்போது நோட்டீஸ். முதலில் அது நிஜமா என்று பாருங்கள். வீடியோ காலில் வரச் சொன்னாலோ பணம் கேட்டாலோ மோசடிக் கும்பல்தான். ஸ்டேஷனின் அலுவலக எண்ணைத் தனியாகத் தேடி அழைத்து, அந்தப் பெயரில் அதிகாரி இருக்கிறாரா, எஃப்.ஐ.ஆர். எண் என்ன என்று கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே நகல் கிடைக்க வாய்ப்பு உண்டு. புகார் பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டான சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்திருந்தால் இன்னும் மனு விசாரணைக் கட்டம்தான்.

அடுத்து, எந்தப் பிரிவில் அழைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாம் அதைப் பொறுத்தது. பி.என்.எஸ்.எஸ். 179 என்றால் சாட்சியாக அழைக்கிறார்கள். 94 என்றால் போனையோ ஆவணத்தையோ கேட்கிறார்கள். 35(3) என்றால் உங்கள் மீது சந்தேகம் இருக்கிறது, ஆனால் கைது தேவையில்லை என்று கருதுகிறார்கள். ஆக 35(3) உண்மையில் உங்களுக்குச் சாதகமான காகிதம். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைதைத் தவிர்க்கவே அந்த ஏற்பாடு. சொன்ன தேதியில் போய்க்கொண்டிருக்கும் வரை, தனியாகக் காரணம் எழுதி வைக்காமல் அந்தக் குற்றத்துக்காக உங்களைக் கைது செய்யக் கூடாது என்று 35(5) சொல்கிறது. போகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று சதேந்தர் குமார் ஆன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது. மாற்றக் கோரிய மனுவையும் அதே ஆண்டு ஜூலையில் தள்ளுபடி செய்தது. அதற்காக ‘செல்லாது, வர மாட்டேன்’ என்று பதில் அனுப்பிவிடாதீர்கள். அடுத்த நாளே ஒரு காவலர் அச்சுப் பிரதியோடு வீட்டு வாசலில் நிற்பார். உங்களுக்கு ஒத்துழைக்காதவர் என்ற பெயர்தான் மிஞ்சும். ஸ்டேஷன் மின்னஞ்சலுக்கும் ஸ்பீடு போஸ்ட்டிலும் இப்படி எழுதுங்கள்: ‘வாட்ஸ்அப்பில் அறிவிப்பு கிடைத்தது. விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறேன். வழக்கு எண்ணும் சட்டப் பிரிவும் குறிப்பிட்ட நோட்டீஸை நேரில் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். வழக்கறிஞருடன் ஆஜராவேன்.’ இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். பதிவைப் பற்றிய விளக்கம் இதில் வரவே கூடாது.

எஃப்.ஐ.ஆரில் 196-ஓ 353(2)-ஓ இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 482-வது பிரிவின்கீழ் முன்ஜாமீன் மனு போடுங்கள். 35(3) கொடுத்துவிட்டோம், கைது செய்யும் எண்ணமில்லை என்று அரசுத் தரப்பு சொன்னால் அதுவே உத்தரவில் பதிவாகும். அது உங்களுக்குப் போதும்.

ஸ்டேஷனில் விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முழு நேரமும் அவர் பக்கத்தில் உட்கார 38-வது பிரிவு இடம் தரவில்லை. பெயர், முகவரி போன்றவற்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். உங்களையே குற்றத்தில் மாட்டவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ‘ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டுப் போப்பா, முடிச்சிடலாம்’ என்பார்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்ற விசாரணையில் செல்லாது என்பது சரிதான். ஆனால் கணக்கு என்னுடையது, சாதியை மனதில் வைத்துத்தான் எழுதினேன் என்று நீங்களே எழுதிய தாள் ஜாமீன் மனுவில் உங்களுக்கு எதிராக நீட்டப்படும். போலீஸ் விசாரணையில் பதிவு செய்யும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே சட்டத்தில் இடமில்லை. போனை எடுத்துக்கொண்டால் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு கைப்பற்றுதல் மகஜர் நகல் கேளுங்கள். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது 105-வது பிரிவு. வந்த நேரம், போன நேரம் குறித்து ஆஜரானதற்கு ஒப்புகை வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

அப்படியும் கைது செய்தால், கைதுக்கான காரணத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும். மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது அது கையில் வர வேண்டும் என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா தீர்ப்பு சொல்கிறது. வராவிட்டால் காவலில் வைப்பதே சட்டவிரோதமாகும். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். அந்தச் சில நிமிடங்களை வீணாக்கக் கூடாது. உங்கள் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சிறுமலைக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போன ஒருவர், துப்பாக்கிப் பயிற்சிக்கான பயணம் என்று விளையாட்டாக எழுதிப் படம் போட்டார். வாடிப்பட்டி போலீஸ் அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் என்ற பிரிவு வரை போட்டுக் கைது செய்தது. மாஜிஸ்திரேட் காவலில் வைக்கவே மறுத்துவிட்டார். 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தபோது அந்த மாஜிஸ்திரேட்டைப் பாராட்டியது. ரிமாண்டு என்பது வெறும் முத்திரை குத்தும் வேலை அல்ல; அங்கேயே வழக்கறிஞர் எதிர்த்துப் பேச வேண்டும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம்.

ரத்து கேட்டு 528-வது பிரிவில் மதுரைக் கிளைக்குப் போக இரண்டு பிடிகள் இருக்கின்றன. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சு வழக்குகளில், எஃப்.ஐ.ஆர். போடும் முன் 173(3)-இன்படி டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்நிலை விசாரணை நடத்துவது பொருத்தம் என்று இம்ரான் தீர்ப்பு சொல்கிறது. அது நடந்ததா என்று கேளுங்கள். இரண்டாவது, 196, 353 வழக்குகளை நீதிமன்றம் கோப்பில் எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டும், 353(2) என்றால் மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் போதும், 217-வது பிரிவு. கைதை இது தடுக்காது; குற்றப்பத்திரிகை வந்த பிறகுதான் பயன்படும். ‘சும்மா விடக் கூடாது’ என்ற வரி உங்கள் வழக்கில் இருப்பதால், ரத்து மனுவை அவசரப்பட்டு இப்போதே போட்டுத் தோற்பதைவிட, ஜாமீனை உறுதி செய்துகொண்டு, குற்றப்பத்திரிகையில் என்ன ஆதாரம் வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.