எப்பாவலப் பந்திக்குப் பச்சைவீட்டு வாயு விடையாகாது

அன்புள்ள மகள்,

உங்கள் அம்மா போன கிழமை களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்து உங்கள் மாதிரிப் பரீட்சை விடைத்தாளைத் தந்துவிட்டுப் போனா. "நாலு பக்கம் எழுதியும் 20க்கு 7 புள்ளிதான், இந்தப் பிள்ளைக்கு அரசியல் விஞ்ஞானம் ஒத்துவராதோ" என்று கேட்டா. பாடம் உங்களுக்கு நன்றாகவே ஒத்துவரும். பிழை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

வினாவில் தந்த பந்தி எப்பாவல பொஸ்பேற்று அகழ்வைப் பற்றியது. காலநிலை மாற்றம் அதன் இரண்டாம் பகுதியில்தான் வருகிறது. நீங்கள் முதல் இரண்டு பக்கமும் பச்சைவீட்டு வாயு, பனிமலை உருகுதல், கடல்மட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதெல்லாம் சரியான தகவல்தான், ஆனால் புவியியல் வினாத்தாளுக்குரியது. விடய ஆய்வு வினாவில் அரசியல் மாணவர் தேடவேண்டியது வேறு: யார் கேட்டார்கள், யாரிடம் கேட்டார்கள், எந்த வழியால் போனார்கள், என்ன கிடைத்தது.

அந்தப் பந்தியையே எடுப்போம். அனுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் உரத்துக்கான பொஸ்பேற்றுப் படிவு இருக்கிறது. அதை 30 வருடம் அகழ அமெரிக்கக் கம்பனியொன்றின் துணை நிறுவனத்தோடு அரசு உடன்படிக்கை செய்ய ஆயத்தமானது. ஊர் எதிர்த்தது. அறிவியலாளர்களும் கேள்வி எழுப்பினார்கள். கடைசியில் விவசாயிகளும் ஒரு விகாரையின் தேரரும் உட்பட ஏழு பேர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஜூனில் தீர்ப்பு வந்தது.

எங்கள் அரசியலமைப்பில் சுற்றாடலுக்கென்று அடிப்படை உரிமை எதுவும் எழுதப்படவில்லை. 27(14) ஆம் உறுப்புரை சுற்றாடலை அரசு பாதுகாக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது அரச கொள்கை வழிகாட்டல். அதை மட்டும் வைத்து வழக்குப் போட முடியாது. அப்படியானால் ஊர்க்காரர் எந்தக் கதவைத் தட்டினார்கள்? சட்டத்தின் முன் சமத்துவம், விரும்பிய தொழிலைச் செய்தல், விரும்பிய இடத்தில் வசித்தல் என்ற உரிமைகளைப் பிடித்தார்கள். வயலும் வீடும் போனால் இந்த மூன்றும் போகும் என்பதுதான் அவர்கள் வாதம். உடன்படிக்கை இன்னும் கைச்சாத்தாகவில்லை. உரிமை மீறப்படப்போகிறது என்றே போனார்கள், நீதிமன்றமும் அதை ஏற்றது. ஓர் இயக்கம் தன் கோரிக்கையைச் சட்டத்துக்குப் புரியும் மொழிக்கு மாற்றிய விதத்தை நீங்கள் எழுதியிருந்தால், புள்ளியில் பாதி அங்கேயே கிடைத்திருக்கும்.

தீர்ப்பை "மக்கள் வென்றார்கள், திட்டம் நின்றது" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். நீதிமன்றம் அகழ்வை என்றைக்குமாகத் தடைசெய்யவில்லை. படிவு எவ்வளவு, எப்படிப்பட்டது என்று முழுமையாக ஆராய்ந்து வெளியிட வேண்டும், தேசிய சுற்றாடல் சட்டப்படி அனுமதி பெற வேண்டும், அதுவரை எந்த உடன்படிக்கையும் செய்யக்கூடாது என்றது. இயற்கை வளத்துக்கு அரசு உரிமையாளர் அல்ல, காவலர் என்பதற்கு, தேவநம்பியதீசனுக்கு மகிந்த தேரர் செய்த உபதேசத்தை நீதியரசர் அமரசிங்க எடுத்துக்காட்டினார். வெற்றியின் எல்லையைச் சொல்லும் மாணவரைத்தான் பரீட்சகர் கவனிப்பார்.

அப்படியானால் வினாவின் இரண்டாம் பகுதியில் வந்த காலநிலை மாற்றத்தை எங்கே பொருத்துவது? எப்பாவல காலநிலை வழக்கு அல்ல, அப்படி எழுதவே வேண்டாம். இரண்டையும் இணைக்கும் முடிச்சு 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றாடல் மாநாடு. அந்த மாநாட்டுப் பிரகடனத்தின் கோட்பாடுகளை எப்பாவலத் தீர்ப்பு மேற்கோள் காட்டியது. அதே மாநாட்டில்தான் காலநிலை மாற்றச் சமவாயமும் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டது. சமவாயம் "பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு" என்றது: சூட்டைக் கூட்டியதில் பெரும்பங்குள்ள நாடுகள் முதலில் பாரத்தைச் சுமக்க வேண்டும். 1997 கியோட்டோ உடன்படிக்கை வளர்ந்த நாடுகளுக்கு மட்டும் குறைப்பு இலக்கு வைத்தது அதனால்தான். 2015 பரிஸில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே சொல்வதாக மாறியது. ஆக ரியோவிலிருந்து ஒரு பாதை அரசுகளின் பேரம்பேசலுக்குப் போகிறது, மற்றது ஊர்ச்சனத்தின் கையில் வாதமாகி நீதிமன்றத்துக்குப் போகிறது. முதல் பாதையில் செயற்படுவது அரசு. இரண்டாவதில் அரசே எதிர்மனுதாரர். உங்கள் விடையில் இரண்டும் கலந்துவிட்டன.

ஒப்பீட்டுக்கு எங்கள் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் திருக்கோவில் கடற்கரையின் கனிய மணல் அகழ்வுக்கு எழுந்த எதிர்ப்பை எடுக்கலாம். ஒரு பந்திக்கு மேல் போகாதீர்கள். வினா கேட்டது எப்பாவலவை.

வருகிற சனிக்கிழமைக்குள் அதே வினாவை இரண்டரைப் பக்கத்தில் திரும்ப எழுதி அனுப்புங்கள். "புவி வெப்பமடைதல்" என்ற சொல் முதல் பக்கத்தில் வரக்கூடாது. கேட்டவர், கேட்கப்பட்டவர், வழி, பலன் நான்கையும் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். பார்த்துவிட்டு அம்மாவுடன் நானே கதைக்கிறேன்.