மூட்டை தூக்குபவருக்கும் வயலில் குனிபவருக்கும் கிரியேட்டின் ஒரே பலன் தராது

கேள்வி: நான் வயல் வேலைக்குப் போகிறேன், அண்ணன் லாரியில் மூட்டை ஏற்றுகிறார். ஜிம்முக்குப் போகும் நண்பன் எங்கள் இரண்டு பேரையும் கிரியேட்டின் பவுடர் சாப்பிடச் சொல்கிறான். எங்களைப் போன்றவர்களுக்கு நிஜமாகவே பலன் உண்டா, இல்லை காசு தண்டமா?

உங்கள் அண்ணனுக்குக் கொஞ்சம் பலன் இருக்கும். உங்களுக்கு அனேகமாக இருக்காது. நானும் சுமை தூக்கிப் பிழைத்தவன்தான், இந்தப் பவுடரையும் சாப்பிட்டிருக்கிறேன். அதனால் ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

அண்ணன் வேலை செய்வதைக் கவனித்துப் பாருங்கள். ஐம்பது கிலோ மூட்டை முதுகில் ஏறுகிறது. பத்துப் பதினைந்து எட்டு நடக்கிறார், பலகையில் ஏறுகிறார், மூட்டையை இறக்குகிறார். எல்லாம் பத்து, பதினைந்து நொடிக்குள் முடிந்துவிடும். அப்புறம் வெறுங்கையோடு திரும்பி நடக்கிறார், அடுத்த மூட்டைக்காக ஓரிரு நொடி நிற்கிறார். முழு பலத்தையும் கேட்கும் அந்தச் சில நொடிகளில் தசை பெரிதும் நம்பியிருப்பது தனக்குள் சேர்த்து வைத்திருக்கும் பாஸ்போகிரியேட்டினைத்தான். தசையின் எரிபொருளான ஏடிபி தீர்ந்துபோகும்போது, அந்த நொடியிலேயே அதை மறுபடி உண்டாக்கித் தருவது இந்தச் சேமிப்புதான். வெறுங்கையோடு திரும்பி வரும்போது அது மீண்டும் நிரம்பத் தொடங்கும். ஆனால் முழுவதும் நிரம்பச் சில நிமிடங்கள் வேண்டும், லாரி அவ்வளவு நேரம் காத்திருக்காது. அதனால் அடுத்தடுத்த மூட்டைகளைப் பாதி நிரம்பிய தசையோடுதான் தூக்குகிறோம். முதல் இருபது மூட்டை சுலபமாகப் போய், அதே எடை நாற்பதாவதில் கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிரியேட்டினைத் தினமும் சாப்பிட்டால் தசையில் இந்தச் சேமிப்பு சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடும். மூட்டைக்கு மூட்டை நடுவில் நிரம்புவதும் சற்று மேம்படலாம். லாரியின் கடைசிப் பகுதியை ஏற்றும்போது கால் கொஞ்சம் குறைவாக நடுங்கும், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒன்றரை மடங்கு மூட்டை ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆய்வுகளில் பெரும்பாலானவை பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களையும் இளைஞர்களையும் வைத்து நடந்தவை. அவர்களுக்கே கிடைப்பது சிறிய முன்னேற்றம்தான், அதுவும் எடைப் பயிற்சியோடு சேரும்போதுதான் நன்றாகத் தெரிகிறது. அவர்கள் பயிற்சி முடிந்து ஓய்வெடுப்பார்கள். நமக்கு மறுநாள் காலையில் மறுபடி லாரி வந்து நிற்கும்.

இப்போது உங்கள் வேலைக்கு வருவோம். களை எடுப்பது, நாற்று நடுவது, காய் பறிப்பது எல்லாம் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் நடப்பவை. மூச்சில் வரும் ஆக்சிஜனையும் சாப்பாட்டையும் வைத்துத்தான் தசை அந்த வேலையை ஓட்டுகிறது. பாஸ்போகிரியேட்டினுக்கு அங்கே பெரிய பங்கில்லை. மாலையில் நீங்கள் ஓய்ந்துபோவதற்குக் காரணம் வெயில், தண்ணீர்க் குறைவு, சாப்பாடு போதாமை, குனிந்தே இருந்த முதுகு. இவற்றில் எதையும் இந்தப் பவுடர் சரி செய்யாது. போதாக்குறைக்கு, கிரியேட்டின் தசைக்குள் தண்ணீரைச் சேர்ப்பதால் உடல் எடை ஒன்றிரண்டு கிலோ கூடும். நாள் முழுக்க நடக்கும், மேடு ஏறும் வேலையில் அந்த எடையையும் சேர்த்துத்தானே தூக்கிக்கொண்டு போக வேண்டும்? அறுவடை முடிந்து நீங்களும் மூட்டை ஏற்றும் நாட்கள் இருந்தால் கணக்கு மாறலாம்.

இருவருக்கும் பொருந்தும் இன்னொன்று: கறியிலும் மீனிலும் கிரியேட்டின் உண்டு; அவற்றை நிறையச் சாப்பிடுபவரின் தசையில் சேமிப்பு ஏற்கெனவே ஓரளவு நிறைந்திருக்கும், அதனால் பலன் குறைவாகத் தெரியும். சைவம் சாப்பிடுபவருக்குக் கூடுதலாகத் தெரியும். சிலருக்கு எதுவுமே தெரியாது.

அண்ணன் எடுப்பதாக இருந்தால் சாதாரண கிரியேட்டின் மோனோஹைட்ரேட் போதும். அதிக விலைக்கு வேறு பெயரில் விற்பவை இதைவிட நன்றாக வேலை செய்வதாக யாரும் நிரூபிக்கவில்லை. ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம், வேலை இல்லாத நாளிலும் சேர்த்து. காலையா மாலையா என்பது முக்கியமில்லை, சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுக்கு நல்லது. முதல் வாரம் தினம் 20 கிராம் வீதம் எடுத்தால் சீக்கிரம் நிரம்பும் என்பது உண்மைதான். ஆனால் வயிறு கலக்கும், கழிப்பறை பக்கத்தில் இல்லாத வேலையிடத்தில் அது பெரும்பாடு. தினம் 3 கிராம் வீதம் எடுத்தாலும் நாலு வாரத்தில் அதே அளவுக்கு வந்துவிடும். தண்ணீரில் கரைத்தால் அன்றைக்கே குடித்துவிட வேண்டும், கரைத்து வைத்தால் மெல்லச் சிதையும்.

சிறுநீரக விஷயத்தில்தான் கொஞ்சம் நின்று யோசிக்கச் சொல்வேன். ஆரோக்கியமான ஆளுக்கு இந்த அளவு கிரியேட்டினால் சிறுநீரகம் கெட்டதாக ஆய்வுகளில் தெரியவில்லை. இதை எடுத்துக்கொண்டு வெயிலில் வேலை செய்தால் தசை பிடிக்கும், நீர் வற்றும் என்ற பயத்துக்கும் ஆய்வுகளில் ஆதாரமில்லை. சிக்கல் ரத்தப் பரிசோதனையில்தான் வருகிறது. உடலில் கிரியேட்டின் சிதையும்போது வரும் கழிவு கிரியாட்டினின். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க மருத்துவர்கள் அளப்பதும் அதைத்தான். பவுடர் சாப்பிட்டால் சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அந்த எண் கொஞ்சம் ஏறலாம்.

நம் போன்றவர்களுக்கு இதன் மறுபக்கம்தான் அதிக ஆபத்து. மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளம் தொழிலாளர்களுக்கு, சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலேயே சிறுநீரகம் பழுதாவது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். கடும் வெயிலில் நாள் முழுக்க உழைத்து நீர் வற்றுவது முக்கியக் காரணமாகச் சந்தேகிக்கப்படுகிறது. நிஜமாகவே சிறுநீரகம் பழுதாகும் ஒருவருக்கு எண் ஏறும்போது, 'பவுடரால்தான் இப்படி' என்று எல்லோரும் விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதனால் முதல் கரண்டிக்கு முன்பே ஒரு முறை கிரியாட்டினின் பார்த்து, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பிறகு எப்போது பார்த்தாலும் ஒப்பிட ஓர் எண் இருக்கும். மருத்துவரிடம் பவுடர் எடுப்பதை மறைக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்ற சோதனை உண்டு, கிரியேட்டின் அதைக் குழப்பாது. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். உடல்வலிக்குத் தினம் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் நிற்பவர் முதலில் அந்தப் பழக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசட்டும். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செய்யக்கூடிய கெடுதல் பெரிது.

இன்னொரு விஷயத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தெம்பு கூடியதாகத் தோன்றியதும் ஒன்றுக்குப் பதில் இரண்டு மூட்டை ஏற்றச் சொல்வார்கள். தசைதான் கொஞ்சம் தேறியிருக்கிறது; இடுப்பு வட்டும் முழங்காலும் அதே பழையவைதான்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொடங்கும் முன் எடை பாருங்கள், நாலு வாரம் கழித்துப் பாருங்கள். ஒரு கிலோ அளவு ஏறியிருந்தால் அனேகமாகத் தசைக்குள் போயிருக்கிறது. வேலையில், லாரியின் கடைசிக் கால்பங்கை ஏற்றும்போது நிற்கும் இடைவெளி குறைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாதத்தில் எந்த வித்தியாசமும் இல்லையென்றால் நிறுத்திவிட்டு அந்தக் காசைச் சாப்பாட்டில் போடலாம். நிறுத்தினால் நாலு முதல் ஆறு வாரத்தில் தசை பழைய நிலைக்கு வந்துவிடும், வேறு கெடுதல் இல்லை. அதனால் வருடம் முழுக்க எடுக்க வேண்டியதில்லை. சுமை அதிகமாகும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பு தொடங்கி, பருவம் முடிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.