நிஃப்டி ஏறியும் கால் ஆப்ஷனில் நஷ்டம் ஏன்?

கேள்வி: நிஃப்டி 24,800-ல் இருந்தபோது, எக்ஸ்பயரிக்குப் பத்து நாள் இருக்கையில், 25,000 கால் ஒரு லாட் 150 ரூபாய்க்கு வாங்கினேன். எக்ஸ்பயரி அன்று நிஃப்டி 25,050-ல் முடிந்தது. நினைத்த மாதிரியே ஏறியும் பணம் போய்விட்டது. கால், புட் லாபநஷ்டப் படங்களை எப்படிப் படிப்பது? விற்பவர்தான் சம்பாதிக்கிறார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: திசையைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள், தூரம்தான் போதவில்லை. 25,000 கால் உங்களுக்கு லாபம் தர, கட்டிய 150-ஐயும் சேர்த்து நிஃப்டி 25,150-க்கு மேல் முடிந்திருக்க வேண்டும்.

ஒரு தாளில் படுக்கைக் கோடு ஒன்று போடுங்கள். அதில் இடமிருந்து வலமாக, எக்ஸ்பயரி அன்று நிஃப்டி முடியக்கூடிய அளவுகளைக் குறியுங்கள். கோட்டுக்கு மேலே லாபம், கீழே நஷ்டம். லாட் அளவை எக்ஸ்சேஞ்ச் அவ்வப்போது மாற்றும் என்பதால், கணக்குக்கு 75 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கட்டிய பிரீமியம் 150 × 75 = 11,250 ரூபாய்.

நிஃப்டி 25,000-லோ அதற்குக் கீழே எங்கேயோ முடிந்தால், கால் செல்லாக்காசு. 24,990 ஆனாலும் 23,000 ஆனாலும் நஷ்டம் அதே 11,250தான். ஆகவே படத்தின் இடப்பக்கம் முழுக்க, பூஜ்யத்துக்குக் கீழே ஒரே மட்டத்தில் ஓடும் தரை. சரியாக 25,000-ல் கோடு மடங்கி மேல்நோக்கித் திரும்பும். அதன்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் 75 ரூபாய் ஏறும். 25,150-ல் பூஜ்யத்தைத் தொடும், அதுதான் பிரேக்ஈவன். 25,300-ல் லாபம் 11,250. அதற்கு மேல் கூரை கிடையாது. நீங்கள் முடித்த 25,050, மடங்கும் இடத்துக்கும் பிரேக்ஈவனுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே காலின் மதிப்பு 50 ரூபாய், கைக்கு வந்தது 3,750, போனது 7,500. கணக்கில் எடுப்பது நிஃப்டியின் குளோசிங் மதிப்பை. நடுவில் 25,200-ஐத் தொட்டு இறங்கியிருந்தாலும் அந்த உச்சத்துக்கு எக்ஸ்பயரியில் மதிப்பில்லை.

இதுவரை சொன்னது எக்ஸ்பயரி அன்றைய படம். அதற்கு முந்தைய நாட்களில் கோடு இப்படி முறிந்து நிற்காது. தரைக்குச் சற்று மேலே, வழுவழுப்பாக வளைந்து போகும். இன்னும் நாள் இருக்கிறது, ஏறினாலும் ஏறலாம் என்ற வாய்ப்புக்குச் சந்தை கொடுக்கும் விலைதான் அந்த இடைவெளி. இதைக் காலமதிப்பு என்கிறோம். நிஃப்டி 24,800-ல் இருந்தபோது நீங்கள் கட்டிய 150 ரூபாயும் முழுக்கக் காலமதிப்புதான்.

உங்கள் 25,050-ஐயே மூன்று வெவ்வேறு நாட்களில் வைத்துப் பாருங்கள். சந்தை எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலையில் பொதிந்திருக்கும் எதிர்பார்ப்பை இம்ப்ளைடு வோலட்டிலிட்டி என்கிறோம். அது 13 சதவீதம் அளவில் மாறாமல் இருந்தால், வாங்கிய மறுநாளே நிஃப்டி அங்கே போயிருந்தால் கால் சுமார் 250 ரூபாய்க்கு விற்றிருக்கும். எக்ஸ்பயரிக்கு மூன்று நாள் இருக்கும்போது போயிருந்தால் சுமார் 150, அதாவது போட்ட காசு. எக்ஸ்பயரி முடிவில் வெறும் 50. நிஃப்டி அதே இடம்தான். நாள் கரைந்ததால் வளைவு கீழிறங்கி முறிந்த கோட்டோடு ஒட்டிவிட்டது. கடைசி நாட்களில் இந்தக் கரைசல் வேகமாக இருக்கும்.

வோலட்டிலிட்டி விழுந்தாலும் வளைவு இறங்கும். மூன்று நாள் இருக்கையில் அது 13-லிருந்து 10-க்கு வந்தால், அந்த 150 ரூபாய் கால் ஏறக்குறைய 125 ஆகிவிடும். பட்ஜெட், தேர்தல் முடிவு போன்றவற்றுக்கு முந்தைய நாள் பிரீமியம் ஊதிப் பெருத்திருக்கும். செய்தி வந்து நிச்சயமின்மை தீர்ந்ததும் வடிந்துவிடும். சந்தை ஏறுகிறது, கால் விலை அசையவே இல்லை என்று பலர் திகைப்பது இதனால்தான். உங்கள் புரோக்கரின் படத்தில் எக்ஸ்பயரிக்கு ஒரு கோடு, இன்றைக்கு ஒரு கோடு என இரண்டு இருக்கும். ஆர்டர் போடுமுன் இரண்டையும் பாருங்கள்.

புட் இதைக் கண்ணாடியில் இடம்வலமாகப் பார்ப்பது போல. 24,600 புட் 120 ரூபாய்க்கு வாங்கினால் தரை வலப்பக்கம். 24,600-க்கு மேல் எங்கே முடிந்தாலும் நஷ்டம் 9,000. அங்கிருந்து இடப்பக்கம் போகப் போகக் கோடு ஏறி, 24,480-ல் பூஜ்யத்தைக் கடக்கும். 24,300-ல் முடிந்தால் புட்டின் மதிப்பு 300; பிரீமியம் போக 180, லாபம் 13,500.

இனி விற்பவர். அதே கால் படத்தைப் படுக்கைக் கோட்டில் தலைகீழாகத் திருப்புங்கள். உங்கள் தரை அவருக்குக் கூரை. 25,000 வரை அவருக்கு 11,250 லாபம், எவ்வளவு சரியான கணிப்பானாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய் வராது. 25,000 தாண்டினால் கோடு சரிய ஆரம்பிக்கும், அதற்குத் தரை இல்லை. 25,600-ல் முடிந்தால் நஷ்டம் 33,750. சந்தை அசையாமல் கிடந்தாலும் அவருக்கு லாபம் என்பதால் அடிக்கடி ஜெயிப்பார். ஆனால் ஒரே மோசமான நாள் மூன்று மாதச் சம்பாத்தியத்தைக் கொண்டுபோகக்கூடிய படம் அது. போதாக்குறைக்கு, சந்தை எதிராகப் போகும்போது, விற்பவர் பிணையாக வைக்க வேண்டிய மார்ஜின் தொகையும் கூடும். பணம் கட்ட முடியாவிட்டால், மோசமான விலையில் புரோக்கரே பொசிஷனை மூடிவிடுவார். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அதில் வாங்கியவரும் உண்டு, விற்றவரும் உண்டு. ஆகவே நீங்கள் விற்கும் பக்கம் வெறுமனே தாவுவதை நான் ஏற்கமாட்டேன்.

உங்களைப் போல மிதமான ஏற்றத்தை எதிர்பார்ப்பவருக்குப் பொருந்துவது, இரண்டு படங்களையும் சேர்த்து வைப்பது. 25,000 கால் 150-க்கு வாங்கி, அதே எக்ஸ்பயரியில் 25,200 கால் 80-க்கு விற்றால், நிகரச் செலவு 70. படம் இப்போது தரை, ஏற்றம், கூரை என மூன்று துண்டு. 25,000 வரை நஷ்டம் 5,250. பிரேக்ஈவன் 25,070. 25,200-லிருந்து லாபம் 9,750-ல் நின்றுவிடும். உங்கள் 25,050-ல் இது 1,500 ரூபாய் நஷ்டத்தோடு முடிந்திருக்கும். பெரிய ஏற்றம் வந்தால் அதற்குமேல் கிடைப்பதை விட்டுக்கொடுக்கிறீர்கள். பிரேக்ஈவனை 80 புள்ளி கீழே இறக்கியதற்கான விலை அது.

இதில் ஆர்டர் வரிசை முக்கியம். நுழையும்போது 25,000 கால் வாங்கும் ஆர்டரை முதலில் போடுங்கள், பிறகு விற்பதை. வெளியேறும்போது விற்ற 25,200-ஐ முதலில் திரும்ப வாங்கிவிட்டு, அப்புறம் 25,000-ஐ விற்கவும். மாற்றிச் செய்தால் நடுவில் தரையில்லாத விற்பனை மட்டும் மிஞ்சி, மார்ஜின் திடீரென எகிறும்.