ஃபுட் டிரக் கேப்ஷனில் எந்த நேரத்தைப் போடுவது?

"சென்னையில் ஃபுட் டிரக் வைத்திருக்கிறோம், மெயின் ஐட்டம் கொத்து பரோட்டா. வாரா வாரம் எந்த இடம், எத்தனை மணிக்குத் தீரும் என்று இன்ஸ்டாகிராமில் போடுகிறோம். அப்படியும் சிலர் வந்து வெறுங்கையோடு திரும்பிப் போய்க் கோபப்படுகிறார்கள். கேப்ஷனை எப்படி எழுதுவது?"

நீங்கள் போடும் நேரத்தில்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். பலரும் கடைசித் தட்டு கைமாறிய நேரத்தைக் குறித்து, அதில் சராசரி எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். நான்கு வெள்ளிக்கிழமை 9.40, 9.10, 9.30, 8.55-க்குத் தீர்ந்தது என்று வையுங்கள். சராசரி கிட்டத்தட்ட 9.20. அதை நம்பி 9.15-க்கு வருகிறவருக்கு நான்கில் இரண்டு வாரம் ஒன்றும் கிடைக்காது, அவர் கோபப்படுவது நியாயம்தானே. அதனால் சராசரியை விட்டுவிட்டு, இருப்பதிலேயே சீக்கிரம் தீர்ந்த நாளை எடுங்கள், அதாவது 8.55.

அதோடு முடியவில்லை. அந்தக் கடைசித் தட்டை வாங்கியவர் வரிசையில் எப்போது வந்து நின்றார்? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கால் மணி நேரம் நின்றிருந்தால், 8.40-க்குப் பிறகு வந்த யாருக்கும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பத்து நிமிடம் கைவசம் விட்டு, கேப்ஷனில் போக வேண்டியது 8.30. இனிமேல் தீர்ந்த நேரத்தோடு, கடைசியாக வாங்கியவர் வந்து நின்ற நேரத்தையும் பில் நோட்டிலேயே குறித்து வையுங்கள். இடத்துக்கு இடம் இது நிறைய மாறும், எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே நேரம் போடாதீர்கள்.

கொத்து பரோட்டா தீர்ந்த பிறகும் தோசை ஓடுகிறது என்றால், போடும் நேரம் கொத்து பரோட்டாவுடையதுதான், அதைப் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

அப்புறம், கேப்ஷனில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதி மடங்கிவிடும். வணக்கம், நன்றியெல்லாம் கீழே போகட்டும், தேதி மேலே வரட்டும். "இன்று", "நாளை" வேண்டவே வேண்டாம், ஏனென்றால் செவ்வாய்க்கிழமை போட்ட பதிவு சிலருக்கு வியாழக்கிழமைதான் கண்ணில் படும். இப்படி எழுதலாம்:

ஜூன் 9–14, மாலை 6.30 முதல்
செவ்வாய்–வியாழன்: சோழிங்கநல்லூர் சிக்னல் அருகே. 9.15-க்குள் வரிசைக்கு வந்துவிடுங்கள்
வெள்ளி: அண்ணா நகர் டவர் பார்க் அருகே. 8.30-க்குள்
சனி, ஞாயிறு: பெசன்ட் நகர் பீச். 8-க்குள்
இந்த நேரம் கொத்து பரோட்டாவுக்கு. தோசை 10.30 வரை உண்டு. மழை பெய்தால் மாலை 5-க்குள் ஸ்டோரியில் சொல்வோம்.

இந்த நேரங்கள் எல்லாம் மாதிரிக்குத்தான், உங்கள் நோட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பதிவை ப்ரொஃபைலில் பின் செய்துவிடுங்கள். இடம் மாறினால் ஸ்டோரியில் சொல்வது மட்டும் போதாது, அது 24 மணி நேரத்தில் போய்விடும், கேப்ஷனையும் எடிட் செய்து முதல் வரியிலேயே மாற்றத்தை எழுதுங்கள்.