ஒட்டகப் பத்தி: முதல் வரி ஏமாற்றும் இடங்கள்

கேள்வி: பத்தியைப் படித்து மையக்கருத்து எழுதச் சொன்னால் நான் முதல் வரியைத்தான் எழுதுகிறேன், பாதி தடவை தப்பாகிவிடுகிறது. முதல் வரி திசைமாற்றும்போது உண்மையான மையக்கருத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாலையில் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேருக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் வருவார்கள். இந்தப் பிழையை அடிக்கடி பார்ப்பதால், நான் பயிற்சிக்காக எழுதி வைத்திருக்கும் ஒரு பத்தியைக் கீழே தருகிறேன். படித்துவிட்டு, மேலே போகாமல், மையக்கருத்தை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

"பாலைவனத்தில் பல நாள் தண்ணீர் இல்லாமல் ஒட்டகம் நடக்கிறது, அதற்கு வேண்டிய தண்ணீர் அதன் திமிலில் இருக்கிறது என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. தீனி கிடைக்காத நாள்களில் உடல் அந்தக் கொழுப்பைப் பயன்படுத்திக்கொள்ளும், அப்போது திமில் தொய்ந்து சரியும். தண்ணீர் கிடைக்காத நாள்களில் ஒட்டகத்தின் உடல் வெப்பம் விடியற்காலையில் ஏறத்தாழ 34 டிகிரி வரை இறங்கும், பகலில் 40 டிகிரி வரை ஏறும். அவ்வளவு ஏறும் வரை அது அதிகம் வியர்க்க வேண்டியதில்லை. அதன் சிறுநீர் மிகவும் கெட்டியானது, சாணமும் உலர்ந்தே விழும். உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அளவுக்கு நீரை இழந்தாலும் அது தாங்கும். பிறகு தண்ணீரைக் கண்டால் சில நிமிடங்களிலேயே 100 லிட்டர் வரை குடித்து இழந்ததை ஈடுகட்டிவிடும்."

"ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேமிக்கிறது" என்று எழுதுபவர்கள் சிலர். அவர்கள் முதல் வரியோடு நின்றுவிட்டவர்கள், அவர்களைத் திருத்துவது எளிது. "திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் அல்ல" என்று எழுதுபவர்கள்தான் அதிகம். முதல் வரி பொய் என்று கண்டுபிடித்தாயிற்று, அடுத்த வரியில் சரியான செய்தி வந்துவிட்டது, அதுதான் விடை என்று நினைக்கிறார்கள். அதுவும் விடை இல்லை.

ஏன் இல்லை என்று பார்க்க, முதல் இரண்டு வரிகளைக் கையால் மறைத்துவிட்டு மீதியை மட்டும் படியுங்கள். உடல் வெப்பம் ஏறி இறங்குவது, சிறுநீர் கெட்டியாவது, சாணம் உலர்வது, நீர் இழப்பைத் தாங்குவது, கிடைத்ததும் ஒரேயடியாகக் குடிப்பது. திமிலில் கொழுப்பு இருக்கிறது என்பதற்கும் இவற்றுக்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. கொழுப்பு என்ற செய்தியைத் தாங்கி நிற்பது அடுத்த ஒரே வரிதான். மற்ற ஐந்து வரிகளும் வேறு ஏதோ ஒன்றுக்காக நிற்கின்றன.

அந்த வேறு ஏதோ ஒன்றைப் பிடிக்க, ஒவ்வொரு வரியையும் பார்த்து "இது எந்தக் கேள்விக்குப் பதில்?" என்று கேளுங்கள். வியர்க்காதது எதற்கு? தண்ணீர் வெளியே போகாமல் இருக்க. சிறுநீர் கெட்டியானது எதற்கு? அதற்கேதான். எடையில் கால் பங்கு இழந்தாலும் தாங்குவது, அப்படியும் போன நீருக்கு. ஐந்து வரிகளும் "சேமிப்பு இல்லை என்றால் பிறகு எப்படிச் சமாளிக்கிறது?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்கின்றன. ஆக மையக்கருத்து இது: ஒட்டகம் வறட்சியைத் தாங்குவது தண்ணீரைச் சேர்த்து வைப்பதால் அல்ல, உள்ள நீரை மிகக் குறைவாக இழப்பதாலும் இழந்ததைத் தாங்கிக்கொள்வதாலும்.

இந்த வாக்கியம் பத்தியில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் வரி திசைமாற்றும் பத்திகளில் இப்படி நேர்வது வழக்கம். எழுதியவர் முதல் வரியில் ஒரு தவறான விளக்கத்தை வைத்து அதைத் தள்ளிவிடுகிறார், பிறகு சரியான விளக்கத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்கிறார். துண்டுகளைச் சேர்த்து வாக்கியமாக்கும் வேலையை நம்மிடம் விட்டுவிடுகிறார். பத்திக்குள் தயாரான வாக்கியத்தைத் தேடுகிறவர்கள் முதல் வரியிலோ இரண்டாவது வரியிலோ போய் ஒதுங்குவது இதனால்தான்.

முதல் வரி வேலையே செய்யவில்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். பத்தியின் கேள்வியை எழுப்பியது அதுதான். "தண்ணீர் இல்லாமல் ஒட்டகம் எப்படி நடக்கிறது?" என்ற கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது, கூடவே வந்த பதில் மட்டும்தான் தவறு. அதனால் முதல் வரியைத் தூக்கிப் போடாமல், அதிலிருந்து கேள்வியை எடுத்துக்கொண்டு பதிலை மட்டும் விட்டுவிடுங்கள்.

தமிழில் இது கொஞ்சம் கூடுதலாகச் சிக்கலாவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். "அதற்கு வேண்டிய தண்ணீர் அதன் திமிலில் இருக்கிறது" என்பது வரை படித்தாயிற்று, மனம் அதை ஒரு செய்தியாக ஏற்றுக்கொண்டாயிற்று. அதற்குப் பிறகுதான் "என்று சொல்லி வருகிறார்கள்" வருகிறது. சொன்னது தாம் அல்ல, பிறர் என்று எழுதியவர் ஒதுங்கிக்கொள்ளும் இடம் அந்தக் கடைசிச் சொற்கள். வேகமாகப் படிப்பவர்கள் செய்தியை எடுத்துக்கொண்டு, வாலை விட்டுவிடுகிறார்கள். "என்பார்கள்", "என்று கருதப்படுகிறது", "என்பது பரவலான எண்ணம்", "என்றுதான் தோன்றும்" என்று முதல் வரி முடிந்தால் பென்சிலால் அதன் அடியில் கோடு போடச் சொல்வேன். அந்தக் கோடு விழுந்த வரி மையக்கருத்தாக இருப்பது அரிது.

அப்புறம், திருப்பம் எப்போதும் "ஆனால்" என்று தனியாக வந்து நிற்காது. மேலே உள்ள பத்தியில் "ஆனால்" ஒரு இடத்தில்கூட இல்லை. "தண்ணீர் அல்ல" என்ற "அல்ல"தான் திருப்பியது. சில பத்திகளில் "இருந்தபோதிலும்", "என்றாலும்" என்று ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் விகுதியாக ஒளிந்திருக்கும். அப்படிப்பட்ட வாக்கியத்தில் அந்த விகுதிக்கு முன்னால் இருப்பது விட்டுக்கொடுத்த பகுதி, பின்னால் இருப்பது எழுதியவர் நிற்கும் பகுதி. "மழை நன்றாகப் பெய்திருந்தாலும் கிணறுகள் வற்றிவிட்டன" என்றால் பத்தி கிணற்றைப் பற்றித்தான் போகும், மழையைப் பற்றி அல்ல.

இன்னும் கடினமான ஒரு வகை உண்டு. அதில் முதல் வரி பொய்யாகவும் இருக்காது, பிறர் சொன்னதாகவும் இருக்காது. முழு உண்மையாகவே இருக்கும். ஆனாலும் திசைமாற்றும். இதைப் பாருங்கள்:

"1854 செப்டம்பர் 8 அன்று லண்டனின் சோஹோ பகுதியில் ப்ராட் தெரு அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. காலரா அந்தத் தண்ணீரால் பரவுகிறது என்று மருத்துவர் ஜான் ஸ்னோ வற்புறுத்தியதன் விளைவு அது. அதற்குள் பலர் அந்தப் பகுதியைவிட்டுப் போயிருந்தார்கள், நோயும் தணியத் தொடங்கியிருந்தது. அதே தெருவில் இருந்த பீர் ஆலையில் 70-க்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை, அவர்களில் ஒருவரும் காலராவால் சாகவில்லை. பக்கத்தில் இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேரில் 5 பேர்தான் காலராவால் இறந்தார்கள். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. சோஹோவுக்கு வெளியே, தொலைவில் உள்ள ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு மூதாட்டி காலராவால் இறந்தார். ப்ராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அதை வரவழைத்துக் குடித்து வந்தவர் அவர்."

தேதி, இடம், நிகழ்ச்சி எல்லாம் முதல் வரியிலேயே இருப்பதால் "கைப்பிடியைக் கழற்றியதால் காலரா நின்றது" என்று பலர் எழுதிவிடுகிறார்கள். மூன்றாவது வரியைத் திரும்பப் படியுங்கள். நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கிவிட்டது என்று அது சொல்கிறது. "அதற்குள்" என்ற அந்தச் சின்னச் சொல் கைப்பிடியின் பெருமையை அமைதியாகக் குறைத்துவிடுகிறது. முதல் வரியின் கனத்தைக் குறைக்கும் ஒரு வரி பத்திக்குள் இருந்தால், முதல் வரி மையமாக இருக்க முடியாது. எழுதியவர் தம் மையக்கருத்தைத் தாமே பலவீனப்படுத்திவிட்டு, அதைத் தூக்கி நிறுத்த ஒரு வரிகூட எழுதாமல் போகமாட்டார்.

அதற்குப் பிறகு வரும் ஆறு வரிகளும் என்ன செய்கின்றன? ஆலைக்காரர்களும் விடுதிக்காரர்களும் பக்கத்திலேயே இருந்தும் தப்பித்தவர்கள், மூதாட்டி எட்டத்தில் இருந்தும் இறந்தவர். குழாய்க்கு எவ்வளவு அருகில் இருந்தார்கள் என்பது கணக்கில் வரவில்லை, அந்தத் தண்ணீரைக் குடித்தார்களா என்பதுதான் கணக்கில் வந்தது. ஸ்னோவின் வாதத்துக்கு வலுச் சேர்த்தவை விதிவிலக்குபோலத் தெரிந்த இந்தச் சாவுகளும் தப்பிப்புகளும்தான், கைப்பிடி அல்ல என்பது இந்தப் பத்தியின் மையக்கருத்து. கைப்பிடி, படிப்பவரை உள்ளே அழைத்து வரும் வாசல்.

எழுதி முடித்த விடையைச் சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. உங்கள் வாக்கியத்துக்குப் பின்னால் "ஏனென்றால்" அல்லது "எப்படியென்றால்" என்று போட்டு, பத்தியின் ஒவ்வொரு வரியையும் அதோடு ஒட்டிப் பாருங்கள். "திமிலில் இருப்பது கொழுப்பு, எப்படியென்றால் அதன் சிறுநீர் கெட்டியானது." ஒட்டவில்லை. "ஒட்டகம் நீரை மிகக் குறைவாக இழக்கிறது, எப்படியென்றால் அதன் சிறுநீர் கெட்டியானது." ஒட்டுகிறது. பாதிக்கு மேற்பட்ட வரிகள் ஒட்டாமல் தொங்கினால் விடை தவறு. ஒன்றிரண்டு வரிகள், குறிப்பாக முதல் வரி, ஒட்டாமல் நின்றால் கவலைப்பட வேண்டாம்.

இந்தச் சோதனை இரண்டு பக்கமும் வெட்டும். இதைக் கற்றுக்கொண்ட பிறகு சிலர் எல்லா முதல் வரியையும் சந்தேகப்பட்டு, நேராக எழுதிய பத்தியிலும் எங்கேயோ ஒளிந்த கருத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். பாடநூல் பத்திகள் பலவற்றில் முதல் வரியே மையக்கருத்துதான். முதல் வரியை எடுத்து "எப்படியென்றால்" போட்டுப் பாருங்கள்; எல்லா வரியும் ஒட்டினால் அதையே எழுதிவிடலாம், தேட வேண்டியதில்லை.

நீண்ட கட்டுரையிலிருந்து வெட்டிக் கொடுத்த பத்தி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். முதல் வரி "இத்தகைய", "மேற்கண்ட", "இதனால்தான்" என்று தொடங்கினால் அது முந்தைய பத்தியின் முடிவை இழுத்து வந்திருக்கும் வரி. நம் கையில் இருக்கும் பத்தியின் வேலை அதற்கு அடுத்த வரியில் தொடங்கும்.

"பொருத்தமான தலைப்பு தருக" என்று கேட்டால் ஒட்டகப் பத்திக்கு "ஒட்டகம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது பொருள், கருத்து அல்ல. மேலே எழுதிய மையக்கருத்து வாக்கியத்தைச் சுருக்கினால் "ஒட்டகத்தின் நீர்ச் சிக்கனம்" என்று தலைப்பு தானாக வந்துவிடும். தலைப்பை முதலில் யோசிக்காமல், வாக்கியத்தை எழுதிவிட்டு அதிலிருந்து தலைப்பை எடுங்கள்.