டைட்டில் டேக்கும் பக்கத்தில் தெரியும் பெரிய தலைப்பும் ஒரே மாதிரி இருக்கணுமா, வேண்டுமென்றே மாற்றி எழுதலாமா?

மாற்றி எழுதலாம். சில பக்கங்களில் மாற்றியே ஆக வேண்டும்.

`<title>` படிக்கப்படுவது பக்கத்துக்கு வெளியே: பிரவுசர் டேப், புக்மார்க், ஹிஸ்டரி, தேடல் முடிவு. `<h1>` உள்ளே வந்துவிட்டவர் படிப்பது. உள்ளே இருப்பவருக்கு லோகோ, மெனு எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது, வெளியே இருப்பவருக்குக் கிடைப்பது அந்த ஒரு வரிதான். எச்டிஎம்எல் விதிமுறையே இதைச் சொல்கிறது, தேனீக்களை வைத்து: பக்கத்துக்குள் "அறிமுகம்" என்று மட்டும் தலைப்பு இருந்தால் போதும், ஆனால் டைட்டிலில் எதற்கு அறிமுகம் என்பதும் (அங்கே தேனீக்களின் இனச்சேர்க்கைச் சடங்குகள்!) வர வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பேக்கப் மென்பொருளுக்கு உதவிப் பக்கங்கள் எழுதும் வேலை. பதிப்பு 2, பதிப்பு 3 இரண்டும் புழக்கத்தில் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று பக்கங்கள். ஆக ஆறு பக்கங்கள், ஆறிலும் `<h1>` "நிறுவுதல்". பக்கத்துக்குள் அதில் ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் இடப்பக்க மெனுவிலேயே எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம் என்று தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால் எங்கள் டெம்ப்ளேட் `<h1>`-ஐ அப்படியே எடுத்து டைட்டிலிலும் போட்டுவிட்டது. தேடினால் "நிறுவுதல்", "நிறுவுதல்" என்று வரிசையாக வந்தது. பதிப்பு 3 வைத்திருப்பவர்கள் பதிப்பு 2 பக்கத்துக்குள் போய், பழைய கட்டளைகளை அடித்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று எங்களுக்கு எழுதினார்கள். நாங்களும் கொஞ்ச நாள் கட்டளையில்தான் தப்பு என்று தேடிக்கொண்டிருந்தோம். கடைசியில் மாற்றியது இவ்வளவுதான்:

```html
<title>லினக்ஸில் நிறுவுதல் (பதிப்பு 3) – பேக்கப் உதவி</title>
...
<h1>நிறுவுதல்</h1>
```

வேறுபடுத்தும் சொல் முன்னால் வர வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பத்து டேப் திறந்திருந்தால் ஒவ்வொன்றிலும் முதல் சில எழுத்துகள்தான் தெரியும், அங்கே தளத்தின் பெயர் உட்கார்ந்திருந்தால் பத்தும் ஒன்றுபோலவே இருக்கும். தேடல் முடிவிலும் வரி இடத்தின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுப்படுகிறது, அதனால் ஆங்கிலத்துக்குச் சொல்லும் 60 எழுத்துக் கணக்கைத் தமிழுக்கு நம்ப வேண்டாம், நம் எழுத்துகள் அகலமானவை.

இன்னொரு இடம், அதிகம் பேர் யோசிக்காதது: படிவம். ஒருவர் படிவத்தை அனுப்புகிறார், ஏதோ ஒரு கட்டம் விடுபட்டதால் அதே பக்கம் திரும்ப லோடு ஆகிறது. தலைப்பு "முகவரி மாற்றம்" என்றே இருக்கட்டும், ஆனால் டைட்டிலை "பிழை: முகவரி மாற்றம்" என்று மாற்றுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்குப் பக்கம் லோடு ஆனதும் பொதுவாக முதலில் காதில் விழுவது டைட்டில்தான், சிவப்பு எழுத்து எங்கே இருக்கிறது என்று அவர் தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, எப்போது மாற்றக் கூடாது? இரண்டும் வேறு வேறு விஷயத்தைச் சொல்லும்போது. டைட்டிலில் "இலவசம்", உள்ளே தலைப்பில் "கட்டண விவரம்" என்றால் வந்தவர் தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று அந்த நொடியே திரும்பிவிடுவார். அதைவிடச் சாதாரணமாக நடப்பது ஆண்டுக் குளறுபடி: தலைப்பை 2025 என்று புதுப்பித்துவிட்டு டைட்டிலில் 2023-ஐ மறந்துவிடுவது. எஸ்சிஓ பிளகினில் டைட்டிலுக்குத் தனிக் கட்டம் இருந்தால் இது நிச்சயம் ஒருநாள் நடக்கும், கட்டுரையைத் திருத்துபவர் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. இப்படிப்பட்ட பக்கங்களுக்குக் கூகுள் உங்கள் டைட்டிலை விட்டுவிட்டுப் பக்கத்தில் தெரியும் தலைப்பை எடுத்துக் காட்டலாம். 2021 ஆகஸ்டில் அவர்கள் முறையை மாற்றியபோது நிறையப் பேர் கத்தினார்கள், அடுத்த மாதமே சுமார் 87% முடிவுகளில் டைட்டில் டேக்கைத்தான் பயன்படுத்துகிறோம் என்று விளக்கம் வந்தது. அதனால் `<h1>` வெறும் "நிறுவுதல்" என்று இருந்தால் அதுவே தேடலில் வந்து நிற்கும் வாய்ப்பும் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் பக்கங்களில் பின்னாளில் `<h1>`-ஐயும் "லினக்ஸில் நிறுவுதல்" என்று கொஞ்சம் நீட்டிவிட்டேன், பதிப்பு எண்ணை மட்டும் டைட்டிலிலேயே விட்டேன்.

உங்கள் பக்கத்தில் இரண்டும் எப்படி இருக்கிறது என்று பார்க்க பிரவுசர் கன்சோலில் இதைப் போடுங்கள்:

```js
[document.title, document.querySelector('h1')?.textContent]
```

பக்கம் முழுதாக லோடு ஆகாமல் உள்ளடக்கம் மட்டும் மாறும் தளம் என்றால், நாலைந்து இணைப்புகளைச் சொடுக்கிவிட்டு அப்புறம் போடுங்கள். தலைப்பு மாறியிருக்கும், டைட்டில் சில தளங்களில் முதல் பக்கத்திலேயே நின்றிருக்கும். அந்த வேறுபாட்டை யாரும் வேண்டுமென்று வைத்திருக்க மாட்டார்கள்.